பால்காய்ப்புக்குத் தேதி குறிக்கும்போது: இடவப்பாதியும் ஐப்பசி மழையும்

தம்பி கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். அவனும் பிள்ளைகளும் சென்னையில். போன வாரம் போனில், "அண்ணே, பால்காய்ப்பு எப்ப வைக்கலாம், மே கடைசி வச்சிருவமா, பிள்ளைகளுக்கு லீவு இருக்கும், மழை ஜூன் ஒண்ணாந் தேதிதானே" என்று கேட்டான். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இதே கணக்கைப் போட்டுத்தான் 2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு முற்றத்தில் அக்கா மகள் கல்யாண வரவேற்பு வைத்தோம்.

அந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். தேதி குறித்தது தை மாதத்தில். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 1, நமக்கும் ஏறக்குறைய அன்றுதான், ஆக ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுகிறோம் என்ற தைரியம். மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் வானிலைத் துறை, இந்த வருஷம் மே 27, முன்னே பின்னே 4 நாள் என்றது. அதாவது 23-இலிருந்து 31 வரை எப்போது வேண்டுமானாலும். பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம், சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சென்னை ஆட்கள் ரயில் டிக்கெட் போட்டாயிற்று. 24-ஆம் தேதி சனிக்கிழமை, பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த வருஷம்தான்.

மறுநாள் காலையில் முற்றத்தில் போட்டிருந்த துணிப்பந்தலில் அங்கங்கே தண்ணீர் தேங்கி, எருமை வயிறு மாதிரி தொங்கியது. பந்தல்காரப் பையன் ஒருவன் மூங்கில் கம்பால் அடியிலிருந்து குத்திக் குத்தித் தள்ள, அந்தத் தண்ணீர் முழுக்க ஓரத்தில் அடுக்கியிருந்த நாற்காலிகள் மேல் கொட்டியது. பந்திக்கு இலை போட்டால் காற்று இலையைத் தூக்கியது. சாப்பிட வந்தவர்கள் செருப்பைச் செம்மண் சேற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, தேதி குறித்தது நாங்கள்தான்.

அதனால் தம்பிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம்ம மாவட்டத்தில் விசேஷம் வைக்கிற யாருக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஜூன் 1 என்பதை மதில் மாதிரி நினைக்கக் கூடாது, அது நடுப்புள்ளி. 2019-இலும் 2023-இலும் ஜூன் 8-இல் தொடங்கியது, 2024-இல் மே 30, 2025-இல் மே 24. நாலு வருஷத்தை எடுத்தாலே பதினைந்து நாள் அகலம் வந்துவிட்டது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் இதை 'இடவப்பாதி' என்பார்கள். கொல்லம் ஆண்டுக் கணக்கில் இடவம் என்றால் நம்ம வைகாசி, அதில் பாதி போனால் மழை. பாதி என்பது ஜூன் ஒன்றை ஒட்டித்தான் வரும். ஆனால் அவர்கள் நாள் சொல்லவில்லை, மாதத்தின் பாதி என்றுதான் சொன்னார்கள். அந்தத் தளர்ச்சியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

அப்புறம் இந்த அறிவிப்பு எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லட்சத்தீவு மினிக்காயிலிருந்து மங்களூர் வரை 14 நிலையங்களை வைத்திருக்கிறார்கள். மே 10-க்குப் பிறகு அவற்றில் 60 சதவீத நிலையங்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்ய வேண்டும், மேல்காற்றும் மேற்கிலிருந்து போதுமான வேகத்தில் வீச வேண்டும், மேகமும் போதுமான அளவு திரண்டிருக்க வேண்டும். இது எல்லாம் சேர்ந்தால்தான் அறிவிப்பு. அந்தப் பதினாலில் நம்ம மாவட்டத்து ஊர் ஒன்றுகூட இல்லை, பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். ஆக அறிவிப்புக்கு முந்தின வாரமே குலசேகரத்தில் நனைந்துகொண்டிருக்கலாம், அறிவிப்புக்குப் பிறகும் கன்னியாகுமரி ஊரில் வெயிலடிக்கலாம்.

வாசலில் நின்றே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். சித்திரை, வைகாசியில் பெய்கிற கோடை மழை மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, இடியோடு வந்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். இடவப்பாதி இறங்கிவிட்டால் இடி அடங்கிவிடும். தென்னையோலை எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே சாயும், மேகம் கடல் பக்கமிருந்து தாழ்வாக ஓடிவரும், மழை காலை மாலை என்று பார்க்காது. விட்டு விட்டு வரும், ஆனால் வந்துகொண்டே இருக்கும்.

இனி கணக்குக்கு வருகிறேன். மாவட்டத்துக்கு நெடுங்காலச் சராசரியாகச் சொல்லப்படுகிற மழை வருஷத்துக்கு 1,465 மில்லிமீட்டர். அதில் தென்மேற்குப் பருவம், ஜூன் முதல் செப்டம்பர் வரை, 27 மழை நாளில் 537. வடகிழக்குப் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 24 மழை நாளில் 549. கோடையில் 11 மழை நாளில் 332. இதைப் பார்த்துவிட்டு, இரண்டு பருவமும் சமம்தானே என்று பலரும் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் வகுத்துப் பார்த்தால்தான் விசேஷம் வைக்கிறவனுக்கு வேண்டியது கிடைக்கும். தென்மேற்கில் நாலரை நாளுக்கு ஒரு மழை நாள், அன்றைக்கு விழுவது சுமார் 20 மில்லிமீட்டர். வடகிழக்கில் நாலு நாளுக்கு ஒன்று, சுமார் 23. கோடையில் எட்டு நாளைக்கு ஒன்றுதான், ஆனால் பெய்தால் 30. இந்த மூன்றையும் கூட்டி மொத்தத்தில் கழித்தால், தையையும் மாசியின் முதல் பாதியையும் உள்ளடக்கிய ஜனவரி, பிப்ரவரிக்கு மிஞ்சுவது வெறும் 47 மில்லிமீட்டர். அந்த 47-தான் எனக்குப் பெரிய செய்தி.

இது மாவட்டச் சராசரி மட்டும்தான். நம்ம மாவட்டம் சின்னது என்றாலும் ஒரே மழை பெய்கிற ஊர் இல்லை. அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் இடத்துக்கு இடம் 826 முதல் 1,456 வரை. பழைய கல்குளம் தாலுகாவில் 1,093 முதல் 3,106 வரை. விளவங்கோட்டில் 1,448-இலிருந்து 2,789. தம்பி வீடு இருக்கிற திருவட்டாறு முன்பு கல்குளத்தில் இருந்ததுதான், அதுவும் மலைக்குக் கிட்டே, ஆக சராசரியைவிடக் கூடத்தான் எதிர்பார்க்க வேண்டும். அவன் வீடு மட்டும் ஆரல்வாய்மொழியிலோ தோவாளையிலோ இருந்திருந்தால் நான் மழையைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க மாட்டேன், காற்றைப் பற்றிப் பேசியிருப்பேன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் துணிப்பந்தல் நிற்காது, முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை.

சரி, தம்பிக்கு எந்தெந்தத் தேதிகள் உண்டு? ஆடி, புரட்டாசி, மார்கழி எங்கள் வீட்டில் வைக்க மாட்டார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: பள்ளிக்கூடக் காலாண்டு லீவு புரட்டாசியில் விழுகிறது, அரையாண்டு லீவு மார்கழியில் விழுகிறது. பிள்ளைகளுக்கு நீளமான விடுமுறையும் நமக்கு நல்ல மாதமும் சேர்ந்து வருவது கோடையில் மட்டும்தான். அதனால்தான் எல்லோரும் மே கடைசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். (கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மார்கழித் தடை இல்லை, அதனால் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாட்கள் அவர்களுக்குக் கிடைக்கிறது. அவர்கள் பார்க்க வேண்டியது தவக்காலம்.)

மே கடைசியை நான் வேண்டாம் என்றேன். காரணம் மழை மட்டும் இல்லை, தகவல் வந்து சேருகிற நேரம். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, கோடை லீவில் சென்னையிலிருந்து நாகர்கோவில் வண்டிகள் திறந்த அன்றைக்கே நிரம்பிவிடும். அப்படியானால் மே கடைசிக்கு மார்ச் கடைசியில் டிக்கெட் போட வேண்டும். பருவமழை எப்போது என்று வானிலைத் துறை சொல்வதோ மே நடுவில். தகவல் வரும்போது மாற்றுவதற்கு எதுவும் கையில் இருக்காது. அதோடு பள்ளிக்கூடம் திறப்பதும் தள்ளிப்போகலாம், 2024-இல் வெயிலால் ஜூன் 10 ஆனது, 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஒருபக்கம் மழை அசைகிறது, ஒருபக்கம் பள்ளி திறப்பு அசைகிறது, நடுவில் நாம் தேதி குறிக்கிறோம்.

கோடையில்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தால், ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் பரவாயில்லை. எட்டு நாளைக்கு ஒரு மழை, அதுவும் பெரும்பாலும் இரண்டு மணிக்கு மேல். பால்காய்ப்பு விடியற்காலையில், பந்தி பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். மாலை வரவேற்பு மட்டும் வைக்கவே கூடாது. வெக்கைதான் கஷ்டம், பெரியவர்கள் வாடிப்போவார்கள். இன்னொன்று, அந்த மாதங்களில் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மேலே வானம் தெளிவாக, காற்றும் இல்லாமல் இருக்கும்போதே எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளை அப்படித்தான் இழந்தோம்.

ஆவணியைத் தம்பி மனைவி கேட்டாள், அவளுடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து ஆகஸ்டில்தான் வருவாராம். நியாயமான கேள்வி. ஆகஸ்ட் கடைசிக்குள் இடவப்பாதியின் முதல் வேகம் போயிருக்கும், மழை இருந்தாலும் சாரலாகத்தான் பெரும்பாலும் வரும், வெயிலும் காயாது, சாப்பிட்டு உட்கார்ந்து பேச அருமையான காலம். கன்னிப்பூ நெல் அறுவடைக்கு வரும் நேரம், வயல் பக்கம் பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் பள்ளி நடந்துகொண்டிருக்கும், செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. தவிர சென்னை ஆட்களோடு ஒரு தொல்லை உண்டு: அங்கே அப்போது வெயில் கொளுத்தும், அதனால் குடை எடுக்காமல், பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக வந்து இறங்குவார்கள். நம்ம மழையும் அவர்கள் மழையும் ஒரே மாதிரி இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் நாமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவணியில் வைத்தால் துணிப்பந்தல் கூடாது, தகரப் பந்தல் சாய்வு கொடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். என் கணக்கில் இது இரண்டாவது இடம்.

ஐப்பசி, கார்த்திகையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. இதுவும் நகரும், 2018-இல் நவம்பர் 1, 2024-இல் அக்டோபர் 15. சரி, இந்த வருஷம் தாமதம் என்று செய்தி வந்தால், அக்டோபர் நடுவில் நமக்கு மழையில்லாத இடைவெளி கிடைக்கும் என்று அர்த்தமா? சென்னைக்காரருக்கு ஓரளவு இருக்கலாம். நமக்கு இல்லை. அந்தத் தேதி தமிழ்நாட்டுக் கரையோரத்தில் கீழ்க்காற்று திரும்புவதை வைத்துச் சொல்வது. நம்ம மாவட்டத்தில் தென்மேற்கு முழுதாக விலகும் முன்னாலேயே மலைப்பக்கம் மத்தியான இடிமழை ஆரம்பித்துவிடும். ஒன்று போவதும் மற்றது வருவதும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் இங்கே நடக்கும். ஆகையால் தென்மேற்கின் தொடக்கத் தேதி நமக்கு ஒரு திருப்பம், வடகிழக்கின் தொடக்கத் தேதி நமக்கு வெறும் செய்தி.

வடகிழக்கில் நாம் பார்க்க வேண்டியது தொடக்கத்தை அல்ல, தாழ்வு மண்டலத்தை. அக்டோபரில் காலை வெயில், மாலை இடிமழை என்று ஓரளவு ஒழுங்காக இருக்கும், காலையில் வைத்து முடித்துவிடலாம். நவம்பர் வந்தால் அந்த ஒழுங்கு போய்விடும். பத்து நாள் சும்மா இருக்கும், இலங்கைக்குத் தெற்கே ஏதாவது உருவானால் இரண்டு மூன்று நாள் இரவு பகலாகக் கொட்டிவிடும். 24 மழை நாள் என்று பார்த்தோமே, அது பரவலாக விழாது, கொத்துக் கொத்தாக விழும். 2021 நவம்பர் நடுவில் அப்படிப் பெய்ததில் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. 2017 நவம்பர் 30, ஒக்கி. முந்தின நாள் வரை தாழ்வு மண்டலமாக இருந்தது, ஒரே நாளில் புயலாகி நம்ம கரையை ஒட்டிப் போனது. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தத் திருவிழாவுக்காக டிசம்பர் 3-ஆம் தேதிக்கு ஊருக்கு வருகிற ஆட்களுக்கு நான் சொல்வது, வாருங்கள், ஆனால் போகும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே போடுங்கள்.

கார்த்திகையில்தான் வைக்க முடியும் என்கிற நிலை சிலருக்கு வரும். அப்படியானால் மண்டபம், அதுவும் ஆற்றோரத்து மண்டபம் வேண்டாம். வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை வெளியிடுகிற இரண்டு வார முன்னோட்டத்தைப் பார்த்து வங்கக்கடலில் ஏதாவது உருவாக வாய்ப்பு என்று இருந்தால், ஐந்து நாள் முன்னால் வரும் மாவட்ட வாரியான எச்சரிக்கையை வைத்து முடிவெடுங்கள். அதற்கு முன்னால் மிரள வேண்டாம், அதற்குப் பிறகு அசட்டையாகவும் இருக்க வேண்டாம். பள்ளி விஷயத்திலும் அந்த மாதம் தொல்லைதான். சென்னையில் மழை விடுமுறை விட்டால் பிற்பாடு சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவார்கள், நாம் நம்பியிருந்த சனிக்கிழமை கைவிட்டுப் போகும்.

ஊருக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு பாதி விசேஷம்தான். விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதா என்பதை அன்றன்றைக்குக் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனி, ஆடியில் கடல் சீற்றம், ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வு மண்டலம், சில நாள் நீர்மட்டம் தாழ்ந்துபோனாலும் நிறுத்திவிடுவார்கள். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30-இல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வரிசையும் பெரிதாகிவிட்டது. ஊருக்குத் திரும்புகிற நாளில் படகை வைத்துக்கொள்ளக் கூடாது. திற்பரப்பு அருவி நேர் எதிர், மழைக்குப் பிறகுதான் அழகு, ஆனால் தண்ணீர் கூடினால் குளிக்க விடமாட்டார்கள். மே மாதக் கடைசியில் வந்து இரண்டையும் எதிர்பார்ப்பவர்கள் பல தடவை இரண்டையும் இழந்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது தை. அந்த 47 மில்லிமீட்டர் மாதங்கள். பொங்கல் விடுமுறையை ஒட்டி வைக்கலாம் என்று தம்பி சொன்னான், நான் மறுத்தேன், அப்போது டிக்கெட் எடுப்பது அடைமழையில் பந்தல் போடுவதைவிடக் கஷ்டம். குடியரசு தினத்தை ஒட்டிய சனி, ஞாயிறு என்று சொன்னேன். வடகிழக்கு பெரும்பாலும் விடைபெற்றிருக்கும், மண் இறுகியிருக்கும், காலையில் இதமான குளிர், கும்பப்பூ நெல்வயல் பச்சையாக இருக்கும், படகும் ஓடும். முன்பதிவு நவம்பர் கடைசியில் திறக்கும், அதற்குள் அரையாண்டுத் தேர்வு அட்டவணையும் தெரிந்திருக்கும். மூத்தவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஐந்து, ஆகவே வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நஷ்டமில்லை. பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருந்தால் இந்தத் தேதியை நானே சொல்லியிருக்க மாட்டேன், திருப்புதல் தேர்வு நடக்கிற நேரம். அந்த வீட்டுக்கு ஏப்ரல் கடைசிதான் சரி.

வளைகுடா அண்ணனுக்கு மட்டும் மனத்தாங்கல். அவரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஆகஸ்டில் வரும்போது வீட்டைப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு ஒரு நாள் சாப்பிட்டுப் போகட்டும்.

தம்பி கடைசியில், "அப்ப தைதான், முடிவு பண்ணிருவோம்" என்றான். "பண்ணிரு மக்கா, ஆனா ரோட்டுலேர்ந்து வீட்டுக்கு வர்ற அந்த மண்பாதைக்கு புரட்டாசிக்குள்ள கிராவல் அடிச்சிரு. ஐப்பசில லாரி உள்ள வராது" என்றேன். நாளைக்குக் காலையில் மேஸ்திரியை அங்கே வரச் சொல்லியிருக்கிறேன், பாதையை அளந்துவிட்டால் எத்தனை லோடு என்று தெரிந்துவிடும்.